கம்ப்ரஸர் கிராங்க்‌ஷாஃப்ட்: வார்ப்பா, ஃபோர்ஜிங்கா, பாரிலிருந்து கடைசலா?

கேள்வி: அம்பத்தூரில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறோம். V வடிவ ரெண்டு சிலிண்டர் ஏர் கம்ப்ரஸருக்கு கிராங்க்‌ஷாஃப்ட் கேட்கிறார்கள். முதலில் சாம்பிள் 20, சரியாக இருந்தால் வருடத்துக்கு 500. காஸ்டிங், ஃபோர்ஜிங், நேராக பாரில் மெஷினிங், மூன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? எங்களுக்கு எது சரி?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மெஷினிங் இல்லாத கிராங்க் கிடையாது. வார்த்தாலும் அடித்தாலும், பேரிங்கில் சுற்றும் ஜர்னலையும் ராடு மாட்டும் பின்னையும் கடைந்து, கிரைண்டிங் போட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, கடைசலுக்கு வரும் கச்சாத் துண்டு எப்படி உருவாகி வர வேண்டும் என்பதை. உருக்கி ஊற்றி வரலாம், சூடாக்கி டையில் அடித்து வரலாம், அல்லது உருண்டை பாராக வந்து தேவையில்லாததெல்லாம் சீவப்படலாம்.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது நான் முழு கிராங்கையும் பார்ப்பதில்லை. பின்னும், அதை ஜர்னலோடு இணைக்கும் கையான வெப்பும் சேரும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கிறதே, ஷாப்பில் ரேடியஸ் என்போமே, அந்த ஃபில்லெட்டைத்தான் பார்ப்பேன். கிராங்க் அனேகமாக அங்கேதான் உடையும். அதை விட்டால் எண்ணெய்த் துளையின் வாயில். உடைந்த கிராங்க் கையில் கிடைத்தால் முறிந்த முகத்தை டீசலில் கழுவிவிட்டுப் பாருங்கள். ஃபில்லெட் ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து வழவழப்பான பகுதி விரிந்திருக்கும். அதில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைகோடுகள் தெரியும். அந்தப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லப் பிளந்தது. எதிர்ப் பக்கம் கரடுமுரடாக, புதிதாக உடைந்த மாதிரி இருக்கும். அது கடைசியில் ஒரே நொடியில் முறிந்த பகுதி. ஒவ்வொரு சுற்றிலும் சுமை ஏறி இறங்கி, லட்சக்கணக்கான சுற்றுகளில் வரும் களைப்பு முறிவு இது. மூன்று முறைகளும் அந்த மூலைக்கு என்ன செய்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய வித்தியாசம்.

உங்கள் கிராங்குக்கு எவ்வளவு சுமை வரும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அளவுகளை நீங்கள் சொல்லவில்லை, அதனால் நானே வைத்துக்கொள்கிறேன். போர் 80 மி.மீ., அழுத்தம் 10 பார், ஸ்ட்ரோக் 70, ஒரே பின்னில் பக்கத்துப் பக்கம் இரண்டு கனெக்டிங் ராடு, பின் விட்டம் 45, இரண்டு மெயின் பேரிங்குக்கும் நடுவே 200 மி.மீ. பிஸ்டன் தள்ளும் விசை சுமார் 5,000 நியூட்டன், அதாவது அரை டன். இரண்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது. இந்த விசை பின்னின் நடுவில் விழுந்தால் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன் வருகிறது. ஃபில்லெட் ரேடியஸ் 2.25 மி.மீ. என்றால், மூலையில் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 84 என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு விசையும் சேரும், ஆனால் இந்த அளவு மோட்டாருக்கு அது பெரிதில்லை.

கிராஃபைட் உருண்டையாக இருக்கும் நல்ல SG இரும்பு வார்ப்பு, 600/3 கிரேடு, பளபளப்பாக்கிய சோதனைத் துண்டில் சுமார் 250 வரை களைப்பைத் தாங்கும். நிஜ வார்ப்பில் அளவு, மேற்பரப்பு, உள்ளே இருக்கும் சிறு குறைகள் என்று பார்த்து அதைப் பாதியாக்கி 125 என்று எடுப்போம். 84-க்கு 125. போதும்.

இதே 80 மி.மீ. போர் ஒரு டர்போ டீசல் இன்ஜினாக இருந்தால் எரியும்போது வரும் உச்ச அழுத்தம் 150 பார். விசை ஏழரை டன்னைத் தாண்டிவிடும், உங்கள் கம்ப்ரஸரைப் போல பதினைந்து மடங்கு. பின்னைத் தடியாக்கி, ஒவ்வொரு ராடுக்கும் இரு பக்கமும் பேரிங் வைத்து அதைச் சமாளித்தாலும், அங்கே ஃபோர்ஜிங் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு எண்ணே பதில். லாரி, டிராக்டர் கிராங்கைப் பார்த்துவிட்டு 'ஃபோர்ஜிங்தான் தரம், காஸ்டிங் என்றால் மட்டம்' என்று நம் பக்கம் பலர் சொல்வது இந்தச் சுமை வித்தியாசத்தைப் பார்க்காமல்தான். ஃபோர்டு கம்பெனி தன் V8 கார் இன்ஜினுக்கு 1930-களிலேயே வார்த்த கிராங்க் போட்டது.

சரி, வார்ப்புக்கு வருவோம். இங்கே வார்ப்பு என்றால் சாதாரணச் சாம்பல் இரும்பு இல்லை. அதில் கிராஃபைட் தகடு தகடாக இருக்கும், ஒவ்வொரு தகட்டின் நுனியும் ஒரு விரிசலுக்குச் சமம். 1940-களில் வந்த SG இரும்பில் உருகிய இரும்போடு மெக்னீசியம் சேர்க்கிறார்கள். கிராஃபைட் உருண்டையாகிவிடுகிறது. முடிந்த இரும்பில் மெக்னீசியம் சுமார் 0.04 சதவீதம் மிஞ்சியிருக்க வேண்டும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மெக்னீசியம் நிமிடத்துக்கு நிமிடம் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். லேடிலில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்ற உலோகத்தைக் கடைசி மோல்டில் ஊற்றினால், அந்தத் துண்டில் கிராஃபைட் உருண்டையாக இருக்காது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே அளவு, அதே எடை, கடைசலும் சுகமாகவே போகும். கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் மட்டும் நல்லது கொஞ்சம் நீளமாக ஒலிக்கும், கெட்டது 'டொப்' என்று அடங்கிவிடும். அல்ட்ராசானிக் கருவி இருந்தால் ஒலி வேகத்தை அளக்கலாம். நல்ல SG-யில் வினாடிக்கு 5,500 மீட்டருக்கு மேல் இருக்கும், கிராஃபைட் கெட்டிருந்தால் தெளிவாகக் குறையும்.

அதனால் ஃபவுண்டரியிடம் 'SG இரும்பு, IS 1865' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு லேடிலிலும் கடைசியாக ஊற்றிய துண்டிலிருந்து ஒரு சின்ன காது வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உருண்டைத்தன்மை 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று ரிப்போர்ட் கேளுங்கள். முதல் துண்டில் பார்த்த ரிப்போர்ட் கடைசித் துண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. கோயம்புத்தூர் பக்கம் பம்ப், கம்ப்ரஸர் வேலை செய்து பழகிய ஃபவுண்டரிகளுக்கு இது புதிதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். முகம் சுளிக்கிற இடத்தில் கிராங்க் கொடுக்காதீர்கள்.

வார்ப்பின் இரண்டாவது பலவீனம் நேராக நம் மூலையில் வந்து உட்காரும். தடித்த வெப்பும் தடித்த பின்னும் சேரும் இடம் மற்ற இடங்களைவிட மெதுவாக ஆறும். கடைசியில் உறையும்போது அதற்கு ஊட்ட உலோகம் கிடைக்காவிட்டால் உள்ளே நுண்ணிய துவாரங்கள் விழும். நீங்கள் 3 மி.மீ. சீவி ஃபில்லெட்டை உருவாக்கும்போது அந்தத் துவாரம் சரியாக மேற்பரப்புக்கு வந்துவிடும். ரைசரை எங்கே வைப்பது, எங்கே சில் எனும் இரும்புத் துண்டை வைத்துச் சீக்கிரம் ஆற வைப்பது என்பதெல்லாம் ஃபவுண்டரியின் வேலை. ஆனால் முதல் இரண்டு வார்ப்பை அந்த மூலையில் குறுக்கே அறுத்துப் பார்ப்பது உங்கள் வேலை. இருபதில் இரண்டு போகிறதே என்று மனசு கஷ்டப்படும். இருந்தாலும் அறுத்துவிடுங்கள்.

ஃபோர்ஜிங்கில் கதை வேறு. உருக்குத் துண்டை 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ரோலில் ஓரளவு உருவம் கொடுத்து, முதல் டையில் அடித்து, இறுதி டையில் அடித்து, ஓரமாகப் பிதுங்கிய ஃபிளாஷை வெட்டி எடுக்கிறார்கள். உருக்குக்குள் எப்போதும் கொஞ்சம் மாங்கனீஸ் சல்ஃபைடு இருக்கும். பார் உருட்டப்படும்போது அது நீள நீள இழையாகிவிடும். டையில் அடிக்கும்போது அந்த இழைகள் அறுபடாமல் ஜர்னலிலிருந்து வெப்புக்கு வளைந்து, வெப்பிலிருந்து பின்னுக்கு வளைந்து போகும். மூலையில் விரிசல் விழ வேண்டுமென்றால் இழைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போக வேண்டும். வார்ப்பில் வரும் துவாரமும் இதில் வராது. இதற்கும் தனிக் குறைகள் உண்டு: உலோகம் மடிந்து ஒட்டாமல் நிற்கும் மடிப்பு, அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகுதல். மடிப்பை மேக்னடிக் கிராக் டெஸ்டில் பிடிக்கலாம். கருகியதைத் திருத்த வழியே இல்லை.

ஃபோர்ஜிங்குக்கு இன்னொரு சாதகம், இப்போது கார், லாரி கிராங்குகளுக்கு வனேடியம் கொஞ்சம் சேர்த்த உருக்கு நிறையப் புழங்குகிறது. அடித்து முடித்ததும் காற்றில் கட்டுப்பாட்டோடு ஆற விட்டாலே வலிமை வந்துவிடும். தனியாகச் சூடாக்கி எண்ணெயில் முக்க வேண்டியதில்லை, முக்கும்போது கோணும் தொல்லையும் இல்லை. ஆனால் இதெல்லாம் ஆயிரக்கணக்கில் அடிக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். ஒரு ஜோடி டை வெட்டி, ஹேமரில் ஏற்றிச் சரிபார்க்கும் செலவை 20-ஆல் வகுத்தாலும் சரி, 500-ஆல் வகுத்தாலும் சரி, ஒரு கம்ப்ரஸர் கிராங்க் தாங்கும் தொகையாக அது வராது. உங்கள் சுமைக்குத் தேவையும் இல்லை.

மூன்றாவது, பாரிலிருந்து நேராகக் கடைசல். உங்களிடம் மெஷின் இருப்பதால் கை இதற்குத்தான் போகும், தெரியும். எடையைப் பாருங்கள். பேலன்ஸ் வெயிட்டோடு சுற்றும் பெரிய விட்டத்துக்கு 160 மி.மீ. பார், நீளம் 360 என்றால் துண்டின் எடை 57 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முடிந்த கிராங்க் பத்து கிலோ வரும் என்று வைத்துக்கொண்டால் 47 கிலோவை நீங்கள் சுருளாக்கி ஸ்கிராப்புக்குப் போடுகிறீர்கள். அதே கிராங்க் வார்ப்பாக வந்தால் பன்னிரண்டு கிலோவுக்குள் வந்துவிடும், நீங்கள் சீவுவது இரண்டு, மூன்று கிலோதான். ஒரு பின்தான் என்பதால், தடித்த பிளேட்டில் கேஸ் கட்டிங்கில் உருவத்தை வெட்டி எடுத்து, பேலன்ஸ் வெயிட்டைத் தனியாக போல்ட் போட்டால் விரயம் நன்றாகக் குறையும். வெட்டு முகத்தில் கருகிய தோலை மட்டும் முழுதாகச் சீவிவிட வேண்டும்.

பாரில் இழைகள் அச்சுக்கு நேராக ஓடுகின்றன. நீங்கள் பின்னைக் கடையும்போது அவற்றை வெட்டுகிறீர்கள். வெட்டுப்பட்ட நுனிகள் எங்கே வெளியே வருகின்றன? வெப்பின் முகத்தில், ஃபில்லெட்டின் பக்கத்தில். வெப் தாங்கும் வளைவோ இழைகளுக்குக் குறுக்கே. ரேஸ் இன்ஜினுக்கு பாரிலிருந்து கிராங்க் செய்பவர்கள் வெற்றிடத்தில் மறுபடி உருக்கிய மிகச் சுத்தமான உருக்கு வாங்குவது இதனால்தான். இழையாக நீளுவதற்கு உள்ளே அழுக்கே குறைவாக இருந்தால் எந்தத் திசையில் வெட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. பாரிமுனைப் பக்கம் இரும்புக் கடையில் 'EN8' என்று பெயின்ட் அடித்து வைத்திருக்கும் 160 பாருக்கு அந்தச் சுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. மில் சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் பாரின் மேல் அடித்த நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அல்ட்ராசானிக் டெஸ்டும் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, 47 கிலோ சீவினால் பாருக்குள் அடைபட்டிருந்த தகைவு விடுபட்டு ஷாஃப்ட் கோணும். ரஃப் கடைசல் முடிந்ததும் 550 முதல் 600 டிகிரியில் வைத்து மெல்ல ஆற்றிவிட்டுத்தான் ஃபினிஷிங்குக்கு ஏற்ற வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு, கோணியதை பிரஸ்ஸில் அழுத்தி நேராக்குவது எல்லா ஷாப்பிலும் நடக்கிறது. டயல் கேஜ் நேராகக் காட்டும். ஆனால் அழுத்திய இழுவைத் தகைவு அந்த ஃபில்லெட்டில்தான் தங்கிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் 20-க்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். சாம்பிளை பாரில் செய்து, ஆர்டர் வந்ததும் வார்ப்புக்கு மாறலாம் என்ற யோசனை உங்களுக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். உருக்கு சாம்பிள் அருமையாக ஓடியது, அப்ரூவல் கிடைத்தது. வார்ப்பு கிராங்க் போட்ட முதல் லாட்டிலேயே அதிர்வு, பேரிங் ஓரம் தேய்கிறது என்று புகார். வார்ப்பில் ஒரு குறையும் இல்லை. டிராயிங்தான் மாறாமல் இருந்தது.

ஏன் அப்படி? உருக்கின் அடர்த்தி 7.85, SG இரும்புக்கு 7.1 சொச்சம். அதே அளவில் வார்த்தால் பேலன்ஸ் வெயிட் கிட்டத்தட்ட பத்து சதவீதம் லேசாகிவிடும். அது ஈடு கொடுக்க வேண்டிய பிஸ்டனும் ராடும் லேசாகவில்லை. அதனால் பேலன்ஸ் போகிறது. அடுத்து விறைப்பு. உருக்கை 207 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் SG 170 பக்கம். அதே சுமைக்கு வார்ப்பு ஷாஃப்ட் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக வளையும், பேரிங்கின் ஓரம் சுமையை வாங்கும். வெயிட்டின் ஆரத்தையோ தடிமனையோ கொஞ்சம் கூட்டி, ஜர்னலை ஒரு சைஸ் ஏற்றியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அதெல்லாம் சாம்பிள் கட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை. உருக்கில் ஓட்டிப் பார்த்த சாம்பிள், உருக்கு கிராங்கைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

அதனால் 20-ஐயும் வார்ப்பிலேயே செய்யுங்கள். மரப் பேட்டர்ன், ரெசின் மணல் மோல்டு, SG 600/3 போதும். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கடைசல் விடச் சொல்லுங்கள். டிராயிங்கில் வெயிட்டை SG அடர்த்திக்குத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

கடைசலில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது அதே ரேடியஸ்தான். கிரைண்டிங் வீலின் மூலையைச் சரியாக டிரஸ் செய்யாமல் கூராக விட்டுவிட்டால் 2.25 என்று டிராயிங்கில் இருப்பது நிஜத்தில் 1 மி.மீ. ஆகிவிடும். அப்போது மூலைத் தகைவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். நம் கணக்கில் 84 இருந்தது 126-க்குப் போகிறது. நாம் வைத்த எல்லை 125. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டரில் நல்ல கிராங்க் சந்தேகத்துக்குரிய கிராங்காகிவிடுகிறது. வீலை டிரஸ் செய்யும்போதெல்லாம் ரேடியஸ் கேஜ் வைத்துப் பாருங்கள், வேலை முடிந்த கிராங்கிலும் வைத்துப் பாருங்கள். ரேடியஸும் ஜர்னலும் சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரிக் கோடு தெரிந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது பாலிஷ். SG இரும்பில் கிராஃபைட் உருண்டையைச் சுற்றி மென்மையான இரும்பு இருக்கும். கிரைண்டிங்கில் அது இழுபட்டு நுண்ணிய பிசிறாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பேரிங் எதிர்த் திசையில் வந்தால் அந்தப் பிசிறு பேரிங்கை அரம் போட்டுவிடும். எனவே கடைசி பாலிஷில் கம்ப்ரஸரில் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் ஷாஃப்டைச் சுற்ற விட்டு, பட்டியை நிலையாகப் பிடியுங்கள். பிசிறு போகும், மிச்சம் இருப்பதும் பேரிங் நகரும் திசைக்கே படியும். எண்ணெய்த் துளையின் வாயையும் அப்போதே உருட்டிப் பாலிஷ் செய்துவிடலாம்.

500 வந்த பிறகு அலுமினியப் பேட்டர்ன், ஷெல் மோல்டு என்று மாறினால் கடைசல் அளவு குறையும், மேற்பரப்பும் நன்றாக வரும். கஸ்டமர் அழுத்தத்தைக் கூட்டக் கேட்டால் உடனே ஃபோர்ஜிங்குக்கு ஓட வேண்டாம். ஃபில்லெட்டில் கெட்டியான சின்ன ரோலர்களை அழுத்திச் சுற்ற விடும் ஃபில்லெட் ரோலிங் என்று ஒன்று உண்டு. அது மூலையில் அமுக்கத் தகைவை விட்டுச் செல்லும். SG இரும்புக்கு அதனால் கிடைக்கும் பலன் உருக்குக்குக் கிடைப்பதைவிடத் தாராளம், களைப்பு வலிமை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். ரோலிங்குக்குத் தனி ஃபிக்ஸர் வேண்டும். வளைந்திருக்கிறதா என்று ரோலிங் முடிந்த பிறகு இன்னொரு முறை டயல் வைத்துப் பார்க்க வேண்டும்.